கண்ணாடிக்குள்ளும் அதே புடவை

"கண்ணாடியில நிக்கிறது யாரு தம்பி?"

அந்த அக்கா இப்படிக் கேட்டபிறகுதான் நான் செய்த கோளாறு எனக்கே உறைத்தது. பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் உட்கார்ந்து படங்களைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. தீபாவளி நெருங்கினால் துணிக்கடைகளிலிருந்து ஒரே மாதிரியான வேலைதான் வரும். "இந்தப் படத்துல இவங்க சுடிதார் போட்டிருக்காங்க, அதை எடுத்துட்டு இந்தப் புடவையைக் கட்டிவிடுங்க." அந்த அக்காவின் படமும் அப்படித்தான் வந்தது. ஆளுயரக் கண்ணாடி முன்னால் அவர் நிற்கிறார். பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று அவருடைய தங்கை மகள் படம் எடுத்திருக்கிறாள். இந்தப் பக்கம் அக்காவின் முதுகு தெரிகிறது, கண்ணாடிக்குள் முகமும் முன்புறமும் தெரிகின்றன. நான் முதுகுப் பக்கம் நிற்பவருக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டேன். கண்ணாடிக்குள் இருந்தவர் அதே பச்சைச் சுடிதாரில் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறந்துபோனது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இரண்டாம் தடவை கண்ணாடிக்குள்ளும் புடவை கட்டி அனுப்பியபோது, இன்னொரு குறை வந்தது. அதைப் பிடித்தவர் அக்காவின் அம்மா: "ஏண்டி, கண்ணாடியில மட்டும் குஜராத்திக்காரங்க மாதிரி வலது தோள்ல முந்தானை போட்டிருக்கே?" இதை மறதி என்று சொல்ல முடியாது. கண்ணாடி என்ன செய்கிறது என்று நான் சரியாக யோசிக்கவில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த முந்தானையைப் பற்றியதுதான்.

முதலில், எந்த மாதிரிப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி செல்ஃபிகளில் பலவற்றில் பிம்பம் மட்டும்தான் இருக்கும். எடுத்தவரின் உடம்பு சட்டத்துக்கு வெளியே போய்விடும். அதில் உடை மாற்றுவது ஒரு ஆளுக்கு உடை மாற்றுவதுபோலத்தான், பெரிய சங்கடம் இல்லை. சங்கடம் எங்கே வருகிறது என்றால், ஆளும் பிம்பமும் ஒரே படத்தில் சேர்ந்து தெரியும்போது. மேலே சொன்னதுபோல வேறொருவர் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று. தானே எடுத்ததிலும் தோளோ, முழங்கையோ, சேலைத் தலைப்பின் ஓரமோ படத்தின் விளிம்பில் எட்டிப் பார்க்கும். அப்போது ஒரே துணி இரண்டு இடத்தில் தெரிகிறது, இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போவது என்றால் இரண்டும் ஒரே மாதிரி தெரிவது அல்ல. முதுகையும் முன்புறத்தையும் பார்க்கிறோம். எப்படி ஒரே மாதிரி இருக்கும்? ஒரே துணியை இரண்டு பக்கமிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் கேமராவோடு நின்று அக்காவை முன்னாலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிம்பம் என்பது அதுதான். "திருப்பி" என்கிற அந்தச் சொல்லை விட்டுவிட்டதால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கண்ணாடி இடத்தை வலமாக்கும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தப் பாடத்தை இந்த வேலைக்குக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவது நல்லது. கண்ணாடி முன்னால் நின்று இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். பிம்பத்தின் கையும் அதே திசையில், அதே சுவரை நோக்கித்தான் நீளும். மேலே காட்டினால் அதுவும் மேலே காட்டும். கண்ணாடியை நோக்கி விரலை நீட்டுங்கள், அப்போதுதான் அது எதிர்த் திசையில், உங்களை நோக்கி நீட்டும். கண்ணாடி மாற்றுவது முன்னையும் பின்னையும் மட்டும்தான். இடப்பக்கம் இருப்பது இடப்பக்கமே இருக்கிறது.

இப்போது முந்தானைக்கு வருவோம். நம் வீட்டுக் கட்டில் முந்தானை இடது தோளில். அக்கா நமக்கு முதுகு காட்டி நிற்பதால் அவருடைய இடது தோள் படத்திலும் இடப்பக்கம்தான் இருக்கிறது. முந்தானை அங்கிருந்து முதுகில் இறங்குகிறது. கண்ணாடி இடத்தை இடமாகவே வைப்பதால், பிம்பத்திலும் முந்தானை போட்ட தோள் படத்தின் இடப்பக்கம்தான் வர வேண்டும். ஆனால் கடை விளம்பரப் படத்தில் மாடல் நம்மைப் பார்த்து நிற்பார். அவருடைய இடது தோள் அந்தப் படத்தின் வலப்பக்கம் வரும். நான் அந்த விளம்பரப் படத்திலிருந்து புடவையை எடுத்து, திருப்பாமல் அப்படியே கண்ணாடிக்குள் ஒட்டியிருந்தேன். விளைவு, வெளியே நிற்பவருக்கு இடது தோளில் முந்தானை, உள்ளே நிற்பவருக்கு வலது தோளில்.

இதைக் கண்டுபிடிக்க அளவுகோல் எதுவும் வேண்டாம். ஆளிடம் முந்தானை படத்தின் எந்தப் பக்கம் இருக்கிறதோ பிம்பத்திலும் அதே பக்கம். கைக்கடிகாரம், கைப்பை, பாஜு கூரோங்மீது ஒரு தோளில் போட்ட சால்வை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். சட்டைப் பொத்தானையும் பார்க்கலாம். ஆண்கள் சட்டையில் பொத்தான் தைத்த பக்கம் போட்டிருப்பவரின் வலப்பக்கம் இருக்கும். பிம்பத்தில் அது படத்தின் வலப்பக்கம் தெரிய வேண்டும். பிம்பத்தில் இடப்பக்கம் தெரிந்தால் யாரோ திருப்பாமல் ஒட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. சிலர் கண்ணாடிப் படத்தை அனுப்பும் முன்பே முழுதாகத் திருப்பிவிடுவார்கள், சட்டையில் இருக்கும் எழுத்து நேராகத் தெரியட்டும் என்று. அப்படிப்பட்ட படத்திலும் ஆளுக்கும் பிம்பத்துக்கும் இடையிலான கணக்கு மாறாது, இரண்டும் சேர்ந்தேதான் திரும்பியிருக்கும். ஆனால் அவர் இடது தோள் எது என்று நாம் தப்பாக எடுத்துக்கொள்வோம். சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் எழுத்து நேராகவும் உள்ளே இருக்கும் எழுத்து திரும்பியும் இருந்தால் படம் இயல்பானது. வெளியே இருப்பது இடவலம் மாறி ஓடினால் முதலில் படத்தைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எழுத்து அச்சிட்ட டீ-சட்டை போடவேண்டிய வேலையென்றால் பிம்பத்தில் எழுத்துத் திரும்பித்தான் இருக்க வேண்டும்; நேராக வாசிக்க வந்தால் அது பிழை. தமிழில் ப, ஃ போன்ற ஓரிரண்டைத் தவிர மற்ற எழுத்துகள் திரும்பினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது அளவு. பிம்பம் கண்ணாடியின் பரப்பில் ஒட்டியிருப்பதாக நம் கண் நினைக்கிறது. உண்மையில் ஆள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அக்காவின் படத்தை எடுத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து அவர் ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி நிற்கிறார். அவரிடமிருந்து கண்ணாடி 1 மீட்டர். அப்படியானால் பிம்பம் கேமராவிலிருந்து 2 + 1 + 1, மொத்தம் 4 மீட்டர். இரண்டு மடங்கு தூரம், ஆகவே பாதி அளவு. ரவிக்கைக் கையின் ஜரிகைக் கரை ஆளிடம் 60 பிக்சல் அகலம் என்றால் பிம்பத்தில் 30 பிக்சல்தான் இருக்க வேண்டும். புடவை உடலில் இருக்கும் புட்டாக்களும் அப்படியே பாதி. பலர் பிம்பத்து ஆளைச் சின்னதாக வைத்துவிட்டு, துணியின் வேலைப்பாட்டை மட்டும் பெரிதாகவே விட்டுவிடுவார்கள். பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண்ணாடிக்குள் இருப்பது வேறு புடவை என்று தோன்றிவிடும்.

கண்ணாடியை ஒட்டி நின்றால் பாதி ஆகாது. அரை மீட்டரில் நின்றிருந்தால் பிம்பம் 3 மீட்டரில் இருக்கும், அளவு மூன்றில் இரண்டு பங்கு. தூரம் தெரியாதபோது நான் தலையின் உயரத்தை அளந்துகொள்வேன். தலை எத்தனை பங்கு சிறியதோ துணியும் அத்தனை பங்கு.

சரி, அளவு சரி, பக்கம் சரி. பிம்பத்தின் முழங்கை எந்த இடத்தில் வர வேண்டும்? இதற்கு ஒரு அருமையான சோதனை இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆளின் ஒரு புள்ளியையும் பிம்பத்தில் அதே புள்ளியையும் சேர்த்து ஒரு நேர்கோடு போடுங்கள். வலது முழங்கையிலிருந்து பிம்பத்தின் வலது முழங்கைக்கு ஒன்று, வளையலிலிருந்து வளையலுக்கு ஒன்று, புடவையின் கீழ்க்கரையிலிருந்து கீழ்க்கரைக்கு ஒன்று. கோடுகளை நீட்டினால் எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சந்திக்கும். அந்த இடம் எது தெரியுமா? கண்ணாடிக்குள் தெரியும் கைப்பேசியின் லென்ஸ்.

காரணம் எளிது. எந்தப் பொருளையும் அதன் பிம்பத்தையும் சேர்க்கும் கோடு கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்கும். எல்லாக் கோடுகளும் செங்குத்து என்றால் எல்லாம் ஒன்றுக்கொன்று இணை. இணையான தண்டவாளங்கள் படத்தில் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல இந்தக் கோடுகளும் சேர்கின்றன. கேமராவையும் அதன் பிம்பத்தையும் சேர்க்கும் கோடும் அவற்றில் ஒன்றுதான், அதனால் சந்திக்கும் இடம் கேமராவின் பிம்பமாக இருக்கிறது. கண்ணாடி சுவரில் சாய்த்து வைத்ததாக இருந்தாலும் இது மாறாது. லென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் கோடுகள் சேரும் இடம் ஒன்றாகவே இருக்கும். மெல்லிய மலிவுக் கண்ணாடி வளைந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அதற்கு அடையாளம், கண்ணாடிக்குள் தெரியும் கதவின் நிலை நெளிந்திருக்கும்.

அக்காவின் படத்தில் தங்கை மகள் சற்று வலப்பக்கம் தள்ளி நின்று எடுத்திருந்தாள். நேர்ப் பின்னால் நின்றிருந்தால் அக்காவே தன் பிம்பத்தை மறைத்திருப்பார். அதனால் அக்கா படத்தின் இடப்பக்கமும், பிம்பம் அவருக்கு வலப்பக்கமும், லென்ஸ் அதற்கும் வலப்பக்கமும் இருந்தன. வலது முழங்கை லென்ஸிலிருந்து 800 பிக்சல் தள்ளி இருந்தது. அளவு பாதி என்பதால் பிம்பத்தின் முழங்கை அதே கோட்டில் 400 பிக்சலில் வர வேண்டும். நான் கட்டிய புடவையில் ரவிக்கைக் கை வெளியே இருப்பவருக்கு முழங்கை வரையும், பிம்பத்தில் இருப்பவருக்கு முழங்கைக்கு நான்கு விரல் மேலேயும் முடிந்திருந்தது. விளம்பர மாடலின் ரவிக்கை குட்டைக் கை! கோட்டைப் போட்ட உடனே அது வெளிப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேமரா வலப்பக்கம் இருந்ததால், முதுகுப் பக்கத்திலும் அவருடைய வலது கை நன்றாகத் தெரிகிறது, பிம்பத்திலும் வலது கைதான் நன்றாகத் தெரிகிறது. கைகளில் இரண்டிலும் நன்றாகத் தெரிவது அந்தக் கை ஒன்றுதான். முதுகில் ரவிக்கையின் நாடாவும் குஞ்சமும் எப்படி இருக்கின்றன என்று பிம்பம் சொல்லாது. முன்கொசுவம் எத்தனை மடிப்பு என்று முதுகு சொல்லாது. அவை பொருந்துகின்றனவா என்று யாரும் கேட்கவும் முடியாது. ஆகவே நேரத்தையும் கவனத்தையும் இரண்டிலும் தெரியும் இடத்தில்தான் செலவழிக்க வேண்டும்: கையின் நீளம், கரையின் அகலம், வளையலின் எண்ணிக்கை, கீழ்க்கரை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது.

நிறத்தில் மட்டும் நான் சொல்வது கொஞ்சம் முரணாகத் தோன்றும். பிம்பத்தின் நிறம் ஆளின் நிறத்தோடு அச்சாக ஒத்திருந்தால் அது தப்பு. சாதாரணக் கண்ணாடியில் வெளிச்சம் கண்ணாடித் தகட்டின் வழியே போய், பின்னால் இருக்கும் வெள்ளிப்பூச்சில் பட்டு, மறுபடி தகட்டின் வழியே திரும்புகிறது. போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் வெளிச்சம் குறையும், கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பால் லேசாகப் பச்சை சாயும். எவ்வளவு என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. நேரிலும் கண்ணாடியிலும் தெரிகிற, மாற்றப்படாத ஒரு பொருளைத் தேடுங்கள். வெள்ளைச் சுவரோ நாற்காலியோ போதும், வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்திருந்தால் சரி. அது எவ்வளவு மங்கியிருக்கிறதோ அதே அளவு புடவையையும் மங்கவைத்தால் ஆயிற்று.

அக்கா கேட்டது மயில்கழுத்து நிறப் பட்டு. அங்கேதான் நான் கொஞ்சம் அதிகமாகப் புத்திசாலித்தனம் காட்டிவிட்டேன். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்வதால் அந்தப் பட்டு ஒரு கோணத்தில் நீலமாகவும் இன்னொரு கோணத்தில் பச்சையாகவும் தெரியும். முதுகை ஒரு கோணத்திலிருந்தும் முன்புறத்தை இன்னொரு கோணத்திலிருந்தும் பார்க்கிற படத்தில் இரண்டும் ஒரே நீலமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் இரண்டையும் ஒரே நீலத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். பார்த்தால் பட்டு மாதிரியே இல்லை, சாயம் தோய்த்த பாலியெஸ்டர் மாதிரி இருந்தது. ஒற்றை நிறப் பருத்தியில் மட்டும் நிறத்தை இறுக்கிப் பிடியுங்கள். இரட்டை நிறப் பட்டில் ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு நிறமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும்.

விளம்பரப் படத்தைத் திருப்புவது ஃபோட்டோஷாப்பில் Flip Horizontal என்ற ஒரே கட்டளைதான். ஆனால் அது துணியோடு வெளிச்சத்தையும் திருப்பிவிடும். அக்கா நின்ற அறையில் சன்னல் அவருக்கு வலப்பக்கம். கண்ணாடி பக்கத்தை மாற்றாது என்பதால் ஆளிடமும் பிம்பத்திலும் வெளிச்சம் படத்தின் வலப்பக்கமிருந்தே வருகிறது. திருப்பிய பிறகு வலப்பக்கம் வெளிச்சம் வேண்டுமென்றால், திருப்புவதற்கு முன் இடப்பக்கம் வெளிச்சம் விழுந்த விளம்பரப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் கொசுவ மடிப்பின் நிழல்கள் எல்லாம் சன்னல் பக்கம் விழும்.

உடை மாற்றும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. இடத்தைத் தேய்த்துக் காட்டினால் அந்த இடத்தில் புதுத் துணியை அதுவே போட்டுவிடும். அவற்றில் வரும் தவறுகளும் மேலே சொன்னவைதான், காரணம்தான் வேறு. செயலிக்குத் தேய்த்த இடம்தான் வேலைசெய்யும் இடம்; ஆளை மட்டும் தேய்த்தால் கண்ணாடியைத் தொடவே தொடாது. ஆளைத் தனியாகவும் பிம்பத்தைத் தனியாகவும் இரண்டு தடவையாகச் செய்தால், இரண்டாவது தடவை அது வேறொரு புடவையை நெய்து வைக்கும். கரை ஒன்றில் இரண்டு கோடு, இன்னொன்றில் மூன்று கோடு. ஆகவே இரண்டையும் ஒரே தடவையில் சேர்த்துத் தேய்ப்பது நல்லது. அப்படிச் செய்தாலும் முந்தானைப் பக்கத்தையும் கை நீளத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். நேர்ப்படங்களில் முந்தானை வலப்பக்கம் வருவதையே அது அதிகம் பார்த்துப் பழகியிருக்கும்.

ஒரு சின்ன விஷயம். நம் வீட்டுக் கண்ணாடிகளில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். அக்காவின் படத்தில் மூன்று இருந்தன, அதில் ஒன்று பிம்பத்தின் இடுப்புக்கு நேராக. அது கண்ணாடிமீது இருக்கிறது, ஆகவே புதுப்புடவைக்கு மேலே தெரிய வேண்டும். நான் அதையும் துடைத்துவிட்டிருந்தேன்.

மூன்றாம் தடவை வேலையைத் தொடங்கியபோது விளம்பரப் படத்தைத் தொடவே இல்லை. கடைக்கு இறங்கிப் போய், அதே புடவையை ஒரு பொம்மைக்குக் கட்டச் சொன்னேன். ரவிக்கைக் கையும் முழங்கை வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பொம்மையைக் கடைக் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டரில், கண்ணாடியைப் பார்த்து நிறுத்தி, இரண்டு மீட்டர் பின்னால் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்று, கைப்பேசியைத் தங்கை மகள் பிடித்த உயரத்தில் பிடித்து ஒரே படம் எடுத்தேன். முதுகும் முன்புறமும், திருப்பம், பாதி அளவு, கோணத்துக்கேற்ற நீலமும் பச்சையும் எல்லாவற்றையும் கடைக் கண்ணாடியே செய்து கொடுத்துவிட்டது. சன்னல் வெளிச்சத்துக்காகக் கடைப் பையன் ஒருவன் வலப்பக்கம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு மிச்சமிருந்தது வெட்டி ஒட்டுவதும், பொட்டைத் திரும்ப வைப்பதும்தான்.

அக்காவின் அம்மா இந்தத் தடவை முந்தானையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. புடவை என்ன விலை என்று மட்டும் கேட்டாராம்.